தலை விழுந்தால் ‘ஆம்’: மிசிசிப்பி வாக்கெடுப்பில் ஒரு நாணயம் சொன்ன உண்மை

வெளியே சொல்லக் கூச்சமோ பயமோ தரும் விஷயங்களைப் பற்றிய சர்வேக்களில் ஒரு தீராத தொல்லை உண்டு. கிடைத்த பதில் சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க உண்மை எங்கும் எழுதி வைக்கப்பட்டிருக்காது. எத்தனை பேர் லஞ்சம் கொடுத்தார்கள், எத்தனை பேர் வரியை மறைத்தார்கள் என்பதற்குப் பதிவேடு இருந்தால் சர்வேயே தேவைப்படாது. அதனால்தான் மிசிசிப்பி நிகழ்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கே கேள்வி அந்தரங்கமானது, ஆனால் விடை அரசின் கையில் எண்ணி முடிக்கப்பட்டு இருந்தது.

2011 நவம்பரில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பொதுத்தேர்தலோடு சேர்த்து ஒரு அரசியல் சட்டத் திருத்தமும் மக்களின் வாக்குக்கு வந்தது. கரு உருவாகும் கணத்திலிருந்தே அதை ‘நபர்’ என்று சட்டம் கருத வேண்டும் என்பது அந்தத் திருத்தம். கருக்கலைப்பை முற்றாகத் தடுப்பதே அதன் நோக்கம். மதப்பற்று மிகுந்த மாநிலம் என்பதால் எளிதாக நிறைவேறிவிடும் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் கிட்டத்தட்ட 58 சதவீதம் பேர் எதிர்த்து வாக்களித்தார்கள், திருத்தம் தோற்றது. ‘நான் எதிர்த்து வாக்களித்தேன்’ என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்ள முடியாத ஒரு பெரிய கூட்டம் அங்கே இருந்திருக்கிறது.

ப்ரின் ரோசன்ஃபெல்ட், கொசுகே இமாய், ஜேக்கப் ஷாபிரோ என்ற மூன்று ஆய்வாளர்கள் இதை ஒரு பரிசோதனைக்கூடமாக எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தேர்தலில் வாக்களித்தவர்களைத் தொலைபேசியில் அழைத்தார்கள். ஒரு பகுதியினரிடம் நேரடியாகவே கேட்டார்கள், மற்றவர்களிடம் மூன்று மறைமுக முறைகளில் கேட்டார்கள். கிடைத்த மதிப்பீடுகளை அதிகாரபூர்வ முடிவோடு ஒப்பிட்டு 2016-இல் வெளியிட்டார்கள். அந்த மூன்று முறைகளில் ஒன்றுதான் நாணயம் சுண்டிப் பதில் சொல்வது.

தொலைபேசியின் மறுமுனையில் நடந்தது

பதில் சொல்பவர் வீட்டிலிருக்கும் ஒரு நாணயத்தை எடுத்து இரண்டு முறை சுண்டி, பூவா தலையா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். என்ன விழுந்தது என்பதைக் கேட்பவரிடம் சொல்லக் கூடாது. முதல் சுண்டல் முறையைப் பழகிக்கொள்ள, இரண்டாவது உண்மையான கேள்விக்கு. அந்தக் கேள்வியின் சாரம் இதுதான்: இரண்டாவது சுண்டலில் தலை விழுந்திருந்தாலோ, நீங்கள் அந்தத் திருத்தத்தை எதிர்த்து வாக்களித்திருந்தாலோ ‘ஆம்’ என்று சொல்லுங்கள், இரண்டும் இல்லையென்றால் ‘இல்லை’ என்று சொல்லுங்கள்.

கேட்பவர் காதில் விழுவது ஒரு ‘ஆம்’ மட்டும்தான். அது நாணயத்தின் ஆமா, வாக்கின் ஆமா என்று அவரால் பிரிக்கவே முடியாது. ரகசியம் காப்பேன் என்று அவர் தரும் வாக்குறுதியை நம்ப வேண்டிய அவசியம் இங்கே இல்லை, ஏனென்றால் அந்த ரகசியம் அவரிடம் போய்ச் சேரவே இல்லை. பதிவேடு திருடு போனாலும், நீதிமன்றமே கேட்டாலும், அதில் இருப்பது யார் வாக்கையும் உறுதியாகக் காட்டாத ஒரு ‘ஆம்’.

சரி, அப்படியானால் இதிலிருந்து எதையாவது கணக்கிட முடியுமா? முடியும். 400 பேரிடம் கேட்டதாக வைத்துக்கொள்வோம், அவர்களில் சரியாக 58 சதவீதம் பேர் எதிர்த்தவர்கள். (இந்த 400 நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டது, ஆய்வின் எண் அல்ல.) சுமார் 200 பேருக்குத் தலை விழும், அவர்கள் எல்லோரும் ‘ஆம்’ என்பார்கள். மீதி 200 பேருக்குப் பூ விழும். அவர்களில் 58 சதவீதம், அதாவது 116 பேர், தங்கள் வாக்கைப் பொறுத்து ‘ஆம்’ என்பார்கள், 84 பேர் ‘இல்லை’ என்பார்கள். மொத்தம் 316 ஆம், 84 இல்லை.

இப்போது தலைகீழாகப் பார்ப்போம். நம் கையில் இருப்பது 316, 84 என்ற இரண்டு எண்கள் மட்டும்தான். ‘இல்லை’ என்பது பூ விழுந்தவர்களிடமிருந்து மட்டுமே வர முடியும், பூ விழுந்தவர்கள் மொத்தத்தில் பாதி. ஆகவே எதிர்க்காதவர்கள் மொத்தம் 84-இன் இரு மடங்கு, 168 பேர். அது 400-இல் 42 சதவீதம். மிச்சம் 58 சதவீதம் எதிர்த்தவர்கள். ‘இல்லை’களை எண்ணி இரட்டிப்பது, கணக்கு அவ்வளவுதான். யாருடைய வாக்கும் தெரியாமலே கூட்டத்தின் வாக்கு தெரிந்துவிடுகிறது.

இந்தச் சிந்தனையை முதலில் 1965-இல் முன்வைத்தவர் ஸ்டான்லி வார்னர். அவருடைய முறை சற்று வேறு. பதில் சொல்பவர் ஒரு சுழல்முள்ளைச் சுற்றுவார். முள் எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்து ‘நான் அந்தப் பிரிவைச் சேர்ந்தவன்’, ‘நான் அந்தப் பிரிவைச் சேர்ந்தவன் அல்ல’ என்ற இரண்டில் ஒரு வாக்கியம் அவருக்கு வரும், அதற்கு உண்மையான பதிலைச் சொல்வார். அந்த முறையில் சுழல்முள்ளுக்குப் பதில் நாணயத்தை வைத்தால் எல்லாம் வீணாகிவிடும். இரண்டு வாக்கியங்களுக்கும் சம வாய்ப்பு இருந்தால், உண்மை என்னவாக இருந்தாலும் ‘ஆம்’ பாதியாகத்தான் வரும். நாணயம் வேலை செய்ய வேண்டுமென்றால், அதன் ஒரு பக்கம் பதிலைக் கட்டாயப்படுத்த வேண்டும், மறுபக்கம் உண்மையைக் கேட்க வேண்டும். மிசிசிப்பியில் செய்தது அதுதான்.

விலை என்ன

நாணயம் தரும் பாதுகாப்பு இலவசமாக வருவதில்லை. 200 பேரின் பதில் நமக்கு எதையும் சொல்லவில்லை. போதாததற்கு, தலை சரியாக 200 பேருக்கு விழும் என்ற உறுதியும் இல்லை. 190 ஆகலாம், 212 ஆகலாம். அந்த ஆட்டமும் மதிப்பீட்டில் சேர்ந்துகொள்ளும். எல்லோரும் உண்மை பேசும் உலகில் 400 பேரிடம் நேரடியாகக் கேட்டால், 58 சதவீதம் என்ற மதிப்பீட்டின் திட்டப் பிழை, அதாவது தற்செயலால் அது வழக்கமாக விலகும் அளவு, சுமார் 2.5 சதவீதப் புள்ளி. நாணயத்தோடு அது சுமார் 4.1. இதைப் பொறுத்துக்கொள்ளலாம். நேரடிக் கேள்வியில் பொய்யால் வரும் சாய்வு பத்து, இருபது புள்ளி என்று போகுமானால், கூடுதல் ஒன்றரைப் புள்ளி ஆட்டம் மலிவான விலைதான்.

ஆனால் நாம் தேடும் விஷயம் அரிதானது என்றால் கணக்கு மாறிவிடும். உண்மையில் 5 சதவீதம் பேர் மட்டுமே செய்த ஒரு காரியம் என்று வையுங்கள். அதே 400 பேர், அதே நாணயம். இப்போது திட்டப் பிழை சுமார் 5 புள்ளி. அளக்கும் பொருளும் அளவுகோலின் நடுக்கமும் ஒரே அளவு. அந்தப் பிழையை 1 புள்ளிக்குக் கொண்டுவரச் சுமார் 10,000 பேர் வேண்டும். அரிதான, அவமானம் தரும் செயல்களுக்குத்தான் பலர் இந்த முறையைத் தேடி வருகிறார்கள், அது மிகவும் பலவீனமாக இருப்பதும் அங்கேதான். ஒற்றை நாணயத்தை அந்த இடத்தில் சில நூறு பேரோடு பயன்படுத்துவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

மிசிசிப்பியில் பொருள் அரிதானதல்ல, பெரும்பான்மை. முடிவு என்ன ஆயிற்று? நேரடிக் கேள்வி எதிர்ப்பு வாக்கைக் கணிசமாகக் குறைத்துக் காட்டியது. மறைமுக முறைகள் எல்லாமே உண்மைக்கு நெருங்கி வந்தன. அவற்றிலும் சாய்வு மிகக் குறைவாக இருந்தவை இரண்டு, அதில் ஒன்று நாணயம். கட்டாயத்தால் வந்த வெற்று ‘ஆம்’களைச் சுமந்துகொண்டும், வெளிப்படையாகக் கேட்ட கேள்வியைவிட அது உண்மையை நன்றாகச் சொன்னது.

நாணயம் சொன்னதைக் கேட்காதவர்கள்

இத்தோடு நிறுத்தினால் இது ஒரு வெற்றிக் கதை. ஆனால் இதே முறை வேறு இடங்களில் மோசமாகத் தோற்றிருக்கிறது, தோற்ற விதம் எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான். அதைப் புரிந்துகொள்ள, தலை விழுந்த ஒரு நிரபராதியின் இடத்தில் இருந்து பாருங்கள். அவர் திருடியதில்லை. கேள்வி திருட்டைப் பற்றியது. நாணயம் ‘ஆம்’ சொல்லச் சொல்கிறது. விதி புரிகிறது, கேட்பவருக்கும் விதி தெரியும் என்பதும் புரிகிறது. இருந்தும், ‘திருடினீர்களா’ என்ற வார்த்தைக்குப் பிறகு ‘ஆம்’ என்று சொல்ல வாய் வரவில்லை. ‘இல்லை’ என்று சொல்லிவிடுகிறார். தன்னைப் பொறுத்தவரை அவர் சொன்னது உண்மைதான்.

அந்த முறையே அவரை அந்தப் பக்கம் தள்ளவும் செய்கிறது. ஒற்றை நாணய விதியில் ‘ஆம்’ இரு பொருள் கொண்டது, ‘இல்லை’ ஒரே பொருள் கொண்டது. ‘இல்லை’ என்றவர் நிச்சயம் செய்யாதவர். சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு நற்சான்றிதழ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, தலை விழுந்ததற்காக அதை விட்டுக்கொடுக்க எல்லோருக்கும் மனம் வராது. உண்மையிலேயே செய்தவருக்கும் அந்தச் சான்றிதழ் தேவைப்படும்.

இது வெறும் ஊகம் அல்ல. 1982-இல் எட்ஜெல், ஹிம்மல்ஃபார்ப், டுச்சான் மூவரும் நடத்திய சோதனையில், நாணயத்துக்குப் பதிலாகப் பயன்பட்ட ‘தற்செயல்’ எண்ணை ஆய்வாளர்களே ரகசியமாக முன்கூட்டி நிர்ணயித்து வைத்திருந்தார்கள். ஆகவே யாருக்கு ‘ஆம்’ என்ற கட்டாயம் விழுந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். ஓரினச் சேர்க்கை அனுபவம் பற்றிய கேள்வியில், ‘ஆம்’ சொல்லியாக வேண்டியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ‘இல்லை’ என்றார். (பங்கேற்றவர்களிடம் மறைத்துச் செய்த அந்த ஏற்பாடு எனக்கு உவப்பானதல்ல, ஆனால் அதில் கிடைத்த பாடம் பெரியது.) 2018-இல் லெஸ்லி ஜானும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட சோதனைகளில், நாணய முறை சில சமயம் நேரடிக் கேள்வியைவிடவே குறைந்த மதிப்பீட்டைத் தந்தது, பூஜ்யத்துக்குக் கீழேயும் போனது. குற்றமில்லாத தங்கள் ‘ஆம்’ குற்ற ஒப்புதலாகப் படிக்கப்படுமோ என்ற கவலையே காரணம் என்று அவர்கள் கண்டார்கள்.

பூஜ்யத்துக்குக் கீழே எப்படிப் போகும்? மறுபடி 400 பேர், உண்மை 5 சதவீதம். தலை விழுந்த 200 பேரில் எட்டில் ஒருவர், அதாவது 25 பேர், ‘இல்லை’ என்கிறார்கள். பூ விழுந்தவர்களில் 190 பேர் நேர்மையாகவே ‘இல்லை’. மொத்தம் 215 இல்லை. இரட்டித்தால் 430. இருப்பதே 400 பேர்! விடை மைனஸ் 7.5 சதவீதம். இப்படி வந்தால் நான் வருத்தப்பட மாட்டேன், ஏனென்றால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று எண்ணே கத்திச் சொல்கிறது.

என்னை உறுத்துவது இன்னொரு சூழ்நிலை. அதே எட்டில் ஒருவர் மிசிசிப்பி மாதிரியான கேள்வியில் விதியை மீறினால்? 84 நேர்மையான ‘இல்லை’யோடு 25 சேர்ந்து 109. இரட்டித்தால் 218, அதாவது 54.5 சதவீதம் எதிர்க்கவில்லை. எதிர்த்தவர்கள் 45.5 சதவீதம். தோற்ற திருத்தம் இந்தக் கணக்கில் ஜெயித்துவிடுகிறது. ஆனால் 45.5 என்ற எண்ணைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. அது மைனஸ் இல்லை, நூறைத் தாண்டவில்லை, நேரடிக் கேள்வியில் வந்ததைவிட அதிகமாகக்கூட இருக்கலாம். அதிகாரபூர்வ முடிவு கையில் இல்லாத ஒரு ஆய்வாளர் ‘முறை வேலை செய்துவிட்டது’ என்று எழுதி அனுப்பிவிடுவார். அரிதான விஷயத்தில் தவறு வெளியே தெரியும், பரவலான விஷயத்தில் அதே தவறு நியாயமான எண்ணாக உடுத்திக்கொண்டு வரும்.

மிசிசிப்பியில் ஏன் அப்படி நடக்கவில்லை? என் கணிப்பு இது. அங்கே ‘ஆம்’ என்பது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதல்ல, சட்டப்படி செலுத்திய ஒரு வாக்கை வெளிப்படுத்துவது. தலை விழுந்த நிரபராதிக்கு அந்த ‘ஆம்’ சங்கடமாக இருந்திருக்கலாம், அவமானமாக இருந்திருக்காது. அதோடு, முதலில் ஒரு பழக்கச் சுற்று. நாணயம் சொன்னதற்காக ‘ஆம்’ என்று சொல்லிப் பார்த்து, அதனால் எதுவும் ஆகிவிடவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் உண்மையான கேள்வி வந்தது.

குற்றமே கேள்வியாக இருக்கும்போது என்ன ஆகிறது என்பதற்கு நெதர்லாந்தில் நடந்த ஒரு ஆய்வைப் பார்க்கலாம். வான் டெர் ஹெய்டனும் சகாக்களும் 2000-இல் வெளியிட்டது. அரசு உதவித்தொகையில் மோசடி செய்ததாக ஏற்கெனவே பிடிபட்டவர்களிடம் மட்டுமே கேட்டார்கள். அது ஆய்வாளர்களுக்குத் தெரியும் என்பது பதில் சொன்னவர்களுக்குத் தெரியாது. ஆகவே சரியான விடை 100 சதவீதம். நேரில் கேட்டது, கணினியில் கேட்டது, தற்செயலைக் கலந்து கேட்ட இரண்டு வகைகள் என்று நான்கு முறைகள். ஒப்புக்கொண்டவர்கள் 19 முதல் 49 சதவீதம் வரை. தற்செயல் முறைகள் இரண்டும் மற்ற இரண்டையும்விட மேலே இருந்தன, அதில் சந்தேகமில்லை. ஆனால் மிகச் சிறந்த முறையும் பாதியைத் தொடவில்லை.

மீறலை எப்படிக் கண்டுபிடிப்பது

அதிகாரபூர்வ முடிவு இல்லாத இடத்தில், விதியை மீறியவர்கள் இருக்கிறார்களா என்று எப்படி அறிவது? கிளார்க், டெஷார்னே இருவரும் 1998-இல் சொன்ன ஒரு யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. கூட்டத்தைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, இரு பிரிவுக்கும் வெவ்வேறு கட்டாய வாய்ப்பைக் கொடுப்பது.

ஒவ்வொரு பிரிவிலும் 4,000 பேர் என்று வைப்போம். முதல் பிரிவு ஒரு நாணயம் சுண்டுகிறது, தலை விழுந்தால் கட்டாய ‘ஆம்’. இரண்டாம் பிரிவு இரண்டு நாணயம் சுண்டுகிறது, இரண்டிலும் தலை விழுந்தால் மட்டுமே கட்டாய ‘ஆம்’. முதல் பிரிவில் பாதிப் பேருக்குக் கட்டாயம், இரண்டாம் பிரிவில் கால் பங்குக்கு. முதல் பிரிவில் 2,400 பேரும் இரண்டாம் பிரிவில் 1,800 பேரும் ‘ஆம்’ என்றதாகக் கொள்வோம்.

வழக்கமான கணக்கைப் போட்டால், முதல் பிரிவில் 1,600 இல்லை, இரட்டித்தால் 3,200. செய்தவர்கள் 20 சதவீதம். இரண்டாம் பிரிவில் 2,200 இல்லை. அது நான்கில் மூன்று பங்கிலிருந்து வந்தது, ஆகவே மொத்தம் சுமார் 2,933. செய்தவர்கள் ஏறக்குறைய 27 சதவீதம். ஒரே மாதிரியான இரண்டு கூட்டம், இரண்டு விடை. எல்லோரும் விதிப்படி நடந்திருந்தால் இரண்டும் ஒத்துப்போயிருக்க வேண்டும். ஒத்துப்போகாததுதான் அறிகுறி.

அடுத்து, எவ்வளவு மீறல் என்பதையும் பிரித்தெடுக்கலாம். மக்களை மூன்று வகையாக நினைத்துக்கொள்ளுங்கள்: செய்துவிட்டு விதிப்படி ‘ஆம்’ சொல்பவர்கள், செய்யாமல் விதிப்படி நடப்பவர்கள், என்ன விழுந்தாலும் ‘இல்லை’ என்பவர்கள். நாணயம் மாறினால் பதில் மாறுவது நடு வகைக்கு மட்டும்தான். முதல் பிரிவில் கூடுதலாக வந்த 600 ‘ஆம்’ முழுக்க அவர்களுடையது. கட்டாயம் கால் பங்கு கூடியதால் 600 கூடியிருக்கிறது என்றால், அவர்கள் மொத்தம் 2,400 பேர், அதாவது 60 சதவீதம். முதல் பிரிவில் அவர்களில் பாதி, 1,200 பேர், நாணயத்துக்காக ‘ஆம்’ என்றிருப்பார்கள். 2,400 ஆமில் அதைக் கழித்தால் மிச்சம் 1,200. அது செய்து ஒப்புக்கொண்டவர்கள், 30 சதவீதம். அறுபதும் முப்பதும் போக மிஞ்சும் 10 சதவீதம் விதியை மீறியவர்கள்.

பிரிவுக்கு 4,000 பேர் என்று வேண்டுமென்றேதான் எடுத்தேன். 400 பேராக இருந்திருந்தால் 20-க்கும் 27-க்கும் உள்ள இடைவெளியைத் தற்செயல் ஆட்டமே உண்டாக்கியிருக்க முடியும், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. இந்தச் சோதனைக்கு ஆட்கள் அதிகம் வேண்டும், சர்வேயின் செலவுத் திட்டத்தில் அதை முதலிலேயே சேர்க்க வேண்டும்.

அத்தனை பேரைச் சேர்த்த பிறகும் அந்த 10 சதவீதத்துக்குள் நம்மால் நுழைய முடியாது. அவர்களில் எல்லோரும் தலை விழுந்த அவமானத்தைத் தாங்காத நிரபராதிகளாக இருக்கலாம், எல்லோரும் செய்துவிட்டு மறைப்பவர்களாகவும் இருக்கலாம். ஆகவே அறிக்கையில் ஒற்றை எண்ணை எழுதக் கூடாது. செய்தவர்கள் 30-க்கும் 40-க்கும் இடையில் இருக்கிறார்கள் என்று எழுதி, அதன் இரு முனைகளிலும் மாதிரிப் பிழையையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.